பேச்சு, மூச்சு, தள்ளு

எங்கள் சைக்கிள் குழுவின் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை எழுதுகிறவர் பிரேமாவதி அக்கா. வயது நாற்பத்தொன்பது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸில் வீடு. கூலிமில் ஒரு தொழிற்சாலையில், அடைத்து முடித்த பெட்டிகளைத் திறந்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து மூடுவது அவர் வேலை. அறிவிப்பையும் அதே மாதிரிதான் பார்ப்பார்.

குழுவில் பதினான்கு பேர். அறிவிப்பு வியாழக்கிழமை மாலை புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், வரும். அதைக் கார்டு என்றும் சொல்வோம். அதற்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு. பினாங்கில் உள்ள ஒரு குழுவிடமிருந்து டயர் கடைக் காளிதாசன் அண்ணன் வாங்கி வந்தது. நாள், கூடும் இடம், கூடும் நேரம், புறப்படும் நேரம், தூரம், கடினம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை அக்கா பெட்டி என்பார். "இன்னும் ரெண்டு பெட்டி நிரப்பல, அவசரப்படாதீங்க" என்று செய்தி வந்தால், ஞாயிறு எங்கே போகிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அக்கா தமிழில் எழுதியதை மலாயில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. குழுவில் அஸ்மி அண்ணனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய்ப் பள்ளியிலும் படித்தவள். அதிகம் பேசமாட்டேன் என்பதால் எழுதுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இவ்வளவு கிட்டத்தில் தெரியும்.

கடினம் என்ற பெட்டியில் பினாங்குக்காரர்கள் சுலபம், நடுத்தரம், கடினம் என்று போடுவார்கள். அக்காவும் முதலில் அப்படித்தான் போட்டார். சென்ற ஆண்டுக் கடைசியில் ஒரு ஞாயிறு, தண்ணீர்த் தொட்டி மேட்டு வழியை அவர் ஓட்டிப் பார்க்காமலே, வரைபடத்தை மட்டும் பார்த்து 'சுலபம்' என்று போட்டுவிட்டார். அன்றைக்குத்தான் ஷாமளா இரண்டாம் முறையாக வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பீடோங் பக்கத்திலிருந்து லூனாஸுக்குப் புதிதாகக் குடிவந்தவள். காளிதாசன் அண்ணனின் டயர் கடைச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் தாளைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தவள்.

மேட்டின் பாதியில் ஷாமளா இறங்கிவிட்டாள். முன்னால் போனவர்கள் உச்சியைத் தாண்டி மறைந்துவிட்டார்கள். கடைசி வண்டி என்பது எங்கள் குழுவில் ஒரு பொறுப்பு. எல்லோருக்கும் பின்னால்தான் அவர் வரவேண்டும், யாரையும் முந்தக் கூடாது. அது எப்போதும் அக்காதான். அன்றும் ஷாமளாவோடு அவரும் இறங்கி, இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினார்கள்.

"சுலபம்னு போட்டிருந்தீங்களேக்கா" என்று ஷாமளா சிரித்துக்கொண்டே கேட்டாளாம்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அறிவிப்புக்குக் கீழே பதில் மட்டும் வந்தது. 'கஷ்டம் அக்கா.'

அந்த இரண்டு சொல் அக்காவை உலுக்கிவிட்டது. தான் ஒரு பெட்டியைப் பார்க்காமல் நிரப்பியதால் ஒரு பெண் சைக்கிளையே விட்டுவிட்டாள் என்று நினைத்தார். அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, ஞாயிறு போகப்போகும் வழியை அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் ஒன்றில் தானே ஓட்டிப் பார்க்காமல் கடினத்தை நிரப்பமாட்டார். இரண்டாவது, சுலபம், நடுத்தரம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு வேறு மூன்று சொற்கள் வைத்தார்.

பேச்சு என்றால், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டலாம். மூச்சு என்றால், பேச முடியாது, மூச்சு வாங்கும், ஆனால் இறங்க வேண்டியதில்லை. தள்ளு என்றால், எங்கேயாவது ஓரிடத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும், வெட்கப்பட வேண்டாம்.

"சுலபம்னா யாருக்கு சுலபம்?" என்றார் அக்கா. "வேகமா ஓட்டுற திவாகரனுக்கு சுலபமா, எனக்கு சுலபமா? பேச்சு வருதா வரலையான்னு அவங்கவங்களுக்கே தெரியும்."

நான் மலாயில் செம்பாங், மெங்கா, தோலாக் என்று போட்டேன். அஸ்மி அண்ணன் அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். பிறகு அவரும் பேச்சா மூச்சா என்றே கேட்க ஆரம்பித்தார்.

பாதுகாப்பு விதிகளை அக்கா அவ்வளவாக மாற்றவில்லை. தலைக்கவசம் இல்லாதவர் புறப்படக் கூடாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பெரிய சாலையில் இடது ஓரமாக ஒற்றை வரிசை. காதில் பாட்டு கூடாது. குழி கண்டவர் 'லுபாங்' என்று கத்த வேண்டும், அடுத்தவர் அதை வாங்கிப் பின்னால் கத்த வேண்டும். ஒரு ட்யூப், ஒரு போத்தல் தண்ணீர், வீட்டுத் தொலைபேசி எண். மழை என்றால் ரத்து. காத்திருக்கும் இடங்களின் பெயரும் அங்கே சேரும் நேரமும் அறிவிப்பிலேயே இருக்கும். கூடும் நேரத்துக்கும் புறப்படும் நேரத்துக்கும் பத்து நிமிடம் இடைவெளி. காற்று பார்க்க, பிரேக் கட்டைகளைத் தட்டிப் பார்க்க அந்தப் பத்து நிமிடம். அதற்கு மேல் யாருக்காகவும் நிற்பதில்லை.

"நான் லேட்டா வந்தாலும் போயிடணும்" என்பார். ஒருமுறை அவர் லேட்டாக வந்தார். நாங்கள் போகவில்லை. வந்து எங்களைத்தான் திட்டினார்.

ஒவ்வொரு வியாழனும் அறிவிப்பு வந்ததும் ஷாமளாவின் பதில் வரும். 'கஷ்டம் அக்கா.' சில நாள் பக்கத்தில் கும்பிடுகிற கை. அக்கா அதைப் பார்த்து, 'பரவாயில்லம்மா, இன்னும் லேசா ஒன்னு வைக்கிறேன்' என்று எழுதுவார். மறு வாரம் மேடு குறையும். அதற்கு அடுத்த வாரம் தூரமும் குறையும். ஏன் வரவில்லை என்று கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன் ஒரு நாள்.

"கேட்டா அந்தப் புள்ளைக்கு வெட்கமா இருக்கும்லா. முடியலன்னு சொல்ல வைக்கிறது நல்லாவா இருக்கும்? வழிய லேசாக்கினா தானா வரும்."

எட்டு மாதத்தில் எங்கள் ஓட்டம் முப்பத்தைந்து கிலோமீட்டரிலிருந்து பதினெட்டுக்கு வந்துவிட்டது. மேடே இல்லை. எல்லா வாரமும் பேச்சு.

வேகமாக ஓட்டுகிற ஐந்தாறு பேருக்குப் பொறுமை போயிற்று. அவர்களுக்குத் தலைவர் மாதிரி காளிதாசன் அண்ணன். ஐம்பத்தைந்து வயது. இளம் வயதில் பந்தயம் ஓட்டியவர். இப்போதும் கால் இரும்பு மாதிரி இருக்கும். குழுவில் ட்யூப் மாற்ற, செயின் சேர்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"பேச்சு பேச்சுன்னு எட்டு மாசமா பேசிக்கிட்டே இருக்கோம் பிரேமா" என்றார் ஒரு ஞாயிறு பசியாறும்போது. "வாய்தான் பலமாயிருக்கு. கால் போச்சு."

திவாகரன் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, "அண்ணே, போன வாரம் என்னை ஒரு கோழி முந்திக்கிட்டுப் போச்சு" என்றான். அவன் தொழிற்சாலைப் பொறியாளன். எங்கள் குழுவில் மிக வேகம், மிக வாய்.

"கோழிக்கு விளக்கு இருந்துச்சா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். காளிதாசன் அண்ணன் சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல. நாங்க தனியா ஒரு கார்டு போட்டுக்கலாம்னு இருக்கோம். நீ உன் ஆளுங்களக் கூட்டிட்டுப் போ, நாங்க மேட்டுக்குப் போறோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு."

அக்கா தே தாரிக் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். தனிக் கார்டு என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டாகப் பிரிந்தால் வேகக்காரர்களுக்கு ஒன்றும் குறையாது. மெதுவாகப் போகிறவர்கள்தான் நடுச்சாலையில் ட்யூப் வெடித்தால் நிற்க வேண்டும். நான்கு வாரம் வருவார்கள், ஐந்தாவது வாரம் தூங்கிவிடுவார்கள். பாடாங் செராயில் அப்படி ஒரு குழு நின்றுபோனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அக்காவின் கணவர் இறந்து ஆறு ஆண்டு. மகன் ஜொகூரில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் பெட்டி, வீடு, துவைப்பு. ஞாயிறு காலை மட்டும்தான் அவர் பெயரைச் சொல்லிப் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சைக்கிளைத் துடைக்கும் விதத்தில் தெரியும்.

"ஒரு வாரம் குடுங்கண்ணே" என்றார். "அடுத்த ஞாயிறு நான் சொல்ற வழிக்கு வாங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அடுத்த ஞாயிறு வழி இதுதான்: நாங்கள் கூடும் திடலிலிருந்து புறப்பட்டு, செம்பனைத் தோட்டத்துச் சாலைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வருவது. லேசான இரண்டு ஏற்றம். காளிதாசன் அண்ணனுக்காக. அக்கா அதை முன்பே ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்திருந்ததால் 'மூச்சு' என்று நிரப்பினார். ஷாமளாவின் பதில் வழக்கம்போல வந்தது. 'கஷ்டம் அக்கா.' அக்கா அதற்கு ஒன்றும் எழுதவில்லை. அந்த வாரம் அவளைக் கைவிட்ட மாதிரி அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

ஏழு மணிக்குக் கூடினோம். ஏழு பத்துக்குப் புறப்பட்டோம். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. தோட்டத்து வாசலில் போய் நின்றால், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நேற்று மாலை உள்ளே ஒரு பாலம் இறங்கிவிட்டதாம். காவலாளி கையை விரித்தார்.

"டவுன் வழியா சுத்திப் போயிடலாம்" என்றார் காளிதாசன் அண்ணன். "ரெண்டு கிலோமீட்டர்தான்."

பினாங்குப் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'ஞாயிறு காலையில் சாலையில் வாகனம் குறைவு.' அதை நாங்கள் நீக்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் தொழிற்சாலை, கடை என்று ஞாயிறுதான் விடுமுறை. ஆனால் பினாங்கு மாதிரி இல்லாமல், எங்கள் கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததாலேயே யாரும் நினைக்கவில்லை. இவ்வளவு நாளும் எங்கள் வழி பள்ளிப் பக்கம் போனதும் இல்லை. அக்கா வழி பார்ப்பதோ சனிக்கிழமை. அன்றைக்குப் பள்ளி வாசலில் நாய்தான் படுத்திருக்கும்.

ஏழு இருபதுக்குப் பள்ளிச் சாலையில் திரும்பினோம். திரும்பியதும் மாட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் பிள்ளைகளை இறக்கிவிட வந்த காடிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள், முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று. ஒரு கதவு திறந்தது. திவாகரன் விலகினான். அவன் கைப்பிடி பக்கத்துக் காடியின் கண்ணாடியில் இடித்தது. உடையவில்லை. காடிக்காரர் இறங்கிக் கத்தினார். திவாகரன் இரண்டு கையும் குவித்து மன்னிப்புக் கேட்டான். அவ்வளவு வாய் உள்ளவன், அன்று ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. அந்தக் கதவுக்குள்ளிருந்து இறங்கியது பாலர் பள்ளிப் பிள்ளை, அவன் முழங்கால் உயரம்தான் இருந்தது.

"இறங்குங்க!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல். "எல்லாரும் இறங்கித் தள்ளுங்க."

தள்ளினோம். அப்போது எங்களுக்கு எதிரே ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றது. பள்ளி வேன். ஓட்டுநர் சன்னலில் ஒரு தலை.

"பிரேமா அக்கா!"

ஷாமளா. ஒரு கை ஸ்டீயரிங் வளையத்தில், ஒரு கையால் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, "இறங்கு, இறங்கு, பை, தண்ணிப் போத்தல், டேய் அது உன் பை இல்ல" என்று பின்னால் கத்தினாள். பிறகு எங்களைப் பார்த்து, "இந்தப் பக்கம் எங்கக்கா வந்தீங்க? இது யுத்தகளம்லா!"

அக்கா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "நீ வேன் ஓட்டுறியா?"

"ஆமா. ரெண்டு டிரிப். முத டிரிப் அஞ்சே முக்காலுக்கு எடுக்கணும். அதான் ஒவ்வொரு வாரமும் கஷ்டம்னு போடுறேனே."

"அப்ப… மேடு கஷ்டம் இல்லையா?"

"எந்த மேடு?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஷாமளா கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். மொத்தம் அரை நிமிடம் இருக்கும்.

அவள் எங்களோடு வந்த இரண்டு ஞாயிறும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளி திறந்ததும் அவளால் வர முடியவில்லை. முடியாது, தோதுப்படாது, நேரமில்லை, மேடு அதிகம் எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். 'கடினம்' என்ற பெட்டிக்குக் கீழேயே அவள் பதில் வந்ததால் அது பெட்டிக்கான பதிலாகத் தெரிந்துவிட்டது. மலாயில் எழுதினாலும் சுசா என்றுதான் எழுதியிருப்பேன். அதுவும் இரண்டு அர்த்தத்தையும் சேர்த்து மூடிவைக்கிற சொல்தான்.

பசியாறும் கடையில் போய் உட்கார்ந்தோம். திவாகரன்தான் முதலில் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, அப்ப எட்டு மாசமா நாம யாருக்காக நத்தை மாதிரி ஓட்டினோம்?"

"பேசாதடா" என்றார் காளிதாசன் அண்ணன். ஆனால் அவர் முகத்திலும் அந்தக் கேள்விதான் இருந்தது. "அடுத்த வாரம் நாங்க மேட்டுக்குப் போறோம் பிரேமா. காரணம் இல்லாம இவ்வளவு நாள் ஓடிப்போச்சு. உன் மேல குத்தம் சொல்லல."

"சொல்லுங்கண்ணே. குத்தம்தான்" என்றார் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கல."

அந்த வாரம் திங்களும் செவ்வாயும் அவரிடமிருந்து செய்தி இல்லை. புதன் மாலை வேலை விட்டு வரும் வழியில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தொலைபேசியை நீட்டினார். அந்த ஞாயிறுக்கான படிவம். வழி நிரப்பியிருந்தது. சென்ற மாதமே ஓட்டிப் பார்த்திருந்த பாடாங் செராய் பக்கத்துச் சமதளச் சாலை. தூரம் இருபது. கடினம்: பேச்சு. கூடும் நேரத்துக்கு எதிரே பெட்டி காலி.

"இத ஷாமளாவுக்கு அனுப்பப் போறேன். தனியா. என்ன எழுதட்டும்?"

நான் யோசித்தேன். அவரே எழுதினார். 'ஷாமளா, இந்தப் பெட்டிய நீ நிரப்பு.'

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்ததாம். '8.00. ஆனா கேரண்டி இல்லக்கா. கடைசி வீட்ல பாலர் பள்ளி ரெட்டைப் பிள்ளைங்க. ஒன்னுக்கு சாக்ஸ் கிடைச்சா இன்னொன்னுக்குக் கிடைக்காது. அதுங்களால ரெண்டாவது டிரிப் அப்பப்ப இழுக்கும்.'

எட்டு மணி என்றால் பள்ளிச் சாலைகள் காலியாகிவிடும். வெளிச்சமும் நன்றாக வந்திருக்கும். ஆனால் வேகக்காரர்கள் எட்டு மணிக்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். பத்தரை மணி வெயிலில் மேடு ஏற யார் வருவார்கள்? அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தார். வியாழன் மாலை வேலை முடிந்து நேரே டயர் கடைக்குப் போனார். நானும் போனேன்.

காளிதாசன் அண்ணன் ஒரு காடிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு கார்டு, ரெண்டு நேரம்" என்றார் அக்கா. "ஏழு மணிக்கு முத சுற்று. பதினெட்டு கிலோமீட்டர், தண்ணித் தொட்டி மேடு, உங்க காலுக்கு மூச்சு. அந்த வழியில பள்ளி கிடையாது, பார்த்துட்டேன். எட்டு மணிக்குத் திடலுக்குத் திரும்பி வந்திடணும். எட்டுப் பத்துக்கு எல்லாரும் சேர்ந்து ரெண்டாவது சுற்று. இருபது கிலோமீட்டர், பேச்சு. வேணுங்கிறவங்க ரெண்டும் ஓட்டலாம், வேணுங்கிறவங்க ஒன்னு."

"மேடு ஏறி இறங்கிட்டு வந்து மறுபடியும் நத்தை ஓட்டமா?"

"நத்தைக்கு ட்யூப் மாத்தத் தெரிஞ்ச ஆளு வேணும்லாண்ணே."

அவர் நட்டைத் திருகினார். அக்கா காத்திருந்தார். அண்ணன் சொல்வதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். அவர் முடியாது என்றால், ஞாயிறு முதல் இரண்டு அறிவிப்பு.

"முத சுற்றுக்குக் கடைசி வண்டி யாரு?" என்று கேட்டார் காளிதாசன் அண்ணன்.

"நீங்க."

"நானா? கடைசியாவா?"

"முப்பது வருஷமா முன்னால போய்ப் பார்த்தாச்சு. பின்னால இருந்து பாருங்க, எல்லார் முதுகும் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "போடு கார்டு. எட்டுப் பத்துன்னா எட்டுப் பத்து. யாருக்காகவும் நிக்கமாட்டேன், சொல்லிட்டேன். ரெட்டைப் பிள்ளைன்னாலும் சரி."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். லூனாஸில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அறிவிப்பு அன்றே போனது. 'வாகனம் குறைவு' என்ற வரி இல்லை. அதற்குப் பதில், 'காலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை பள்ளி வாசல் சாலைகளில் குழு போகாது' என்று ஒரு புதிய விதி. காத்திருக்கும் இடங்கள் இரண்டு: நான்காவது கிலோமீட்டரில் பெட்ரோல் எண்ணெய் நிலையம், எட்டு இருபத்தாறு, பாடாங் செராயில் பசியாறும் கடை, ஒன்பது. ஷாமளாவிடமிருந்து முதல் முறையாக வேறு பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

ஞாயிறு முதல் சுற்று போனவர்கள் ஏழு ஐம்பத்தெட்டுக்கே திரும்பி வந்தார்கள், வேர்வையும் சந்தோஷமுமாக. காளிதாசன் அண்ணன் கடைசியில் வந்தார். "திவாகரன் முதுகை அரை மணி நேரம் பார்த்தேன். கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றார்.

எட்டு மணி. மெதுவாகப் போகிறவர்களும் வந்து சேர்ந்தோம். ஷாமளா இல்லை. அக்கா எல்லோருடைய பின் விளக்கையும் பார்த்தார். காற்று பார்த்தார். பார்த்ததையே மறுபடி பார்த்தார். எட்டு ஐந்து. எட்டு எட்டு. சாலையின் அந்தக் கோடியில் மஞ்சள் நிறம் எதுவும் தெரியவில்லை.

எட்டுப் பத்துக்குக் காளிதாசன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் நிக்கலாமா பிரேமா?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்காகவும் நிற்கமாட்டேன் என்றவர்தான்.

அக்கா தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினார்.

"வேணாம்ணே. அது அறிவிப்பை நம்புற புள்ள. எட்டுப் பத்துன்னு போட்டா எட்டுப் பத்துக்குப் போயிடுவோம்னுதான் நினைக்கும். போகலாம்."

போனோம். ஒற்றை வரிசை, இடது ஓரம். அக்கா கடைசியில். எனக்குப் பின்னால் அவர் சக்கரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு என்று நிரப்பிய வழியில் அன்று அவர் பேசவே இல்லை. இரண்டு இடத்தில் முன்னாலிருந்து 'லுபாங்' வந்தது. வாங்கிப் பின்னால் கத்தினேன். அவரும் பழக்கத்தில் திரும்பிக் கத்தினார், அவருக்குப் பின்னால் யாரும் இல்லாவிட்டாலும்.

எண்ணெய் நிலையத்துக்குத் திரும்பும் வளைவில் முன்னால் போனவர்கள் சத்தம் போட்டார்கள். ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வேன் நின்றது. பின் கதவு திறந்திருந்தது. ஷாமளா தலைக்கவசத்தோடு, இருக்கைகளுக்கு நடுவே சொருகியிருந்த சைக்கிளை இழுத்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பின் விளக்கு ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தது.

"சாக்ஸ்!" என்று கத்தினாள் எங்களைப் பார்த்ததும். "இன்னைக்கு ரெண்டுக்குமே கிடைக்கல! திடலுக்கு வந்தா நீங்க போயிருப்பீங்கன்னு தெரியும். கார்டுல எட்டு இருபத்தாறு இங்கன்னு போட்டிருந்துச்சே, நேரா இங்க வந்துட்டேன்."

காளிதாசன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இருபத்தஞ்சு. நாமதான் ஒரு நிமிஷம் முந்தி" என்றார். பிறகு குனிந்து அவள் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே காற்றடித்தார்.

அக்கா கடைசியாக வந்து இறங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அங்கே தூசி இல்லை, முந்தின இரவு மழை பெய்திருந்தது.

வேனை நிலையத்தில் கேட்டுக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு ஷாமளா எங்களோடு வந்தாள். தோட்டத்து ஓரச் சாலையில் வாகனம் இல்லாத இடத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் ஓட்டினாள். பேச ஆரம்பித்தாள். இரட்டைப் பிள்ளைகள் கதை, வேனில் வாந்தியெடுத்த பிள்ளை கதை, பீடோங்கில் அவள் மாமியார் வளர்க்கும் வாத்து கதை. எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குச் சொல்ல வைத்திருந்தது எல்லாம் வந்தது. அக்கா ஆங், அப்படியா, ஐயோ என்பதோடு சரி. பாடாங் செராய் வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க எதுவும் பேசமாட்டேங்கிறீங்களே. வழி கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள் ஷாமளா.

முன்னால் போன திவாகரன் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. "வரிசை!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

அடுத்த வியாழன் படிவம் வந்தது, மலாயில் எழுத. எல்லாப் பெட்டியும் நிரம்பியிருந்தது. கடினம் என்ற இடத்தில் முதல் சுற்றுக்கு மூச்சு. இரண்டாவது சுற்றுக்குப் பேச்சு என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் அக்கா இன்னொரு சொல் சேர்த்திருந்தார். ஷாமளா பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு: கேட்பு.

அதை மலாயில் எப்படிப் போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் அந்தச் சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டேன். அஸ்மி அண்ணன் கேட்டால் அக்காவே சொல்லட்டும்.